28 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோ ஏன் ஏறவில்லை?

32 ஜிபி பென் டிரைவ் ஒன்று. உள்ளே பெரிதாக எதுவும் இல்லை, 28 ஜிபி காலியாகக் கிடக்கிறது. அதில் 5 ஜிபி வீடியோ ஒன்றைப் போடப் பார்க்கிறீர்கள். காப்பி தொடங்குவதற்குள்ளேயே விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி, அந்தக் கோப்பு `too large for the destination file system` என்று சொல்லிவிடுகிறது.

பெரும்பாலானவர்கள் இதில் `too large` என்பதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பென் டிரைவில் இருக்கும் பழைய படங்களை எல்லாம் அழிக்க ஆரம்பிப்பார்கள். முழுவதையும் அழித்த பிறகும் அதே பெட்டி வரும். அப்புறம் பென் டிரைவே கெட்டுப்போய்விட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். உண்மையில் இடத்திலும் குறையில்லை, பென் டிரைவிலும் குறையில்லை. அந்தச் செய்தியின் கடைசி இரண்டு சொற்களான `file system` என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பென் டிரைவ் என்பது வெறும் சேமிப்பு இடம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, எவ்வளவு பெரியது என்று கணக்கு எழுதி வைக்க அதில் ஓர் ஏற்பாடு வேண்டும். அந்தக் கணக்குமுறைதான் ஃபைல் சிஸ்டம். பென் டிரைவை ஃபார்மேட் செய்யும்போது நாம் தேர்ந்தெடுப்பது இதைத்தான். 32 ஜிபியும் அதற்குக் குறைவாகவும் உள்ள பென் டிரைவ்கள் பெரும்பாலும் FAT32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகித்தான் கைக்கு வருகின்றன. இந்த FAT32-ல் ஒரு தனிக் கோப்பின் அளவு 4 ஜிபியைத் தொடக்கூடாது. ஏன் 4? ஏன் 3 இல்லை, 5 இல்லை? இதற்கு விடை அந்தக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியில் இருக்கிறது.

## ஒரு கோப்புக்கு 32 பைட்

FAT32 பென் டிரைவில் நீங்கள் ஒரு கோப்பைப் போட்டால், அது இருக்கும் ஃபோல்டரின் பட்டியலில் அதற்கென்று ஒரு பதிவு எழுதப்படுகிறது. அந்தப் பதிவின் நீளம் சரியாக 32 பைட். அச்சடித்த படிவம் மாதிரி அதில் ஒவ்வொரு கட்டமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். முதல் 8 பைட் பெயருக்கு, அடுத்த 3 பைட் பெயரின் பின்னொட்டுக்கு. அப்புறம் தேதி, நேரம், கோப்பு தொடங்கும் இடம். கடைசியாக மிஞ்சும் 4 பைட், கோப்பின் அளவை எழுதுவதற்கு. (இன்றைய நீளமான பெயர்களை எழுத இதே அளவுள்ள கூடுதல் பதிவுகளை முன்னால் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். அது வேறு கதை.)

அந்தக் கடைசி 4 பைட்தான் நம் வில்லன்.

காகிதப் படிவத்தில் "தொகை" என்று போட்டு நான்கு கட்டங்கள் மட்டும் கொடுத்திருந்தால், அதிகபட்சம் 9999 எழுதலாம். பத்தாயிரம் உங்கள் பையில் இருக்கலாம், ஆனால் அதை எழுதக் கட்டம் இல்லை. இங்கேயும் அதே நிலைதான். ஒரே வேறுபாடு, கணினியின் ஒரு பைட் கட்டத்தில் 0 முதல் 9 வரை இல்லை, 0 முதல் 255 வரை எழுதலாம். அதாவது ஒரு கட்டத்துக்கு 256 வாய்ப்பு. நான்கு கட்டம் என்றால் 256-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 4294967296. சுழியும் அதில் ஒன்று என்பதால், எழுதக்கூடிய மிகப் பெரிய எண் ஒன்று குறைவாக 4294967295. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்.

1024 பைட் ஒரு கேபி, 1024 கேபி ஒரு எம்பி, 1024 எம்பி ஒரு ஜிபி என்று விண்டோஸ் கணக்கிடும். அந்தக் கணக்கில் 4294967296 பைட் என்பது மிகச் சரியாக 4 ஜிபி. ஆக, FAT32-ல் இருக்கக்கூடிய மிகப் பெரிய கோப்பு நான்கு ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. கணினிக்காரர்கள் எழுதும் பதினாறடிமான எண்ணில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இதில் 9-க்குப் பிறகு A முதல் F வரையும் இலக்கங்கள்தான், F மிகப் பெரியது. இரண்டு இலக்கம் சேர்ந்தது ஒரு பைட்:

```
4294967295  =     FF FF FF FF
4294967296  =  01 00 00 00 00
```

முதல் எண் நான்கு கட்டத்தை விளிம்பு வரை நிரப்பியிருக்கிறது. ஒன்று கூட்டியதும் ஐந்தாவது கட்டம் தேவைப்படுகிறது. அந்த ஐந்தாவது கட்டம் படிவத்தில் இல்லை.

நம் 5 ஜிபி வீடியோவையே எடுத்துக்கொள்வோம். அதன் அளவு சரியாக 5368709120 பைட் என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் `01 40 00 00 00` என்று வரும். நான்கு கட்டத்தில் திணித்தால் முன்னால் இருக்கும் `01` வெளியே விழுந்துவிடும். மிஞ்சும் `40 00 00 00` என்பது 1073741824 பைட், அதாவது 1 ஜிபி. 5 ஜிபி வீடியோவைப் போட்டுவிட்டுப் பட்டியலில் "1 ஜிபி" என்று எழுதியது போலாகும். அடுத்து அதைத் திறக்கும் மென்பொருள் பட்டியலை நம்பி முதல் ஒரு ஜிபியைப் படித்துவிட்டு, கோப்பு முடிந்தது என்று கிளம்பிவிடும். இப்படித் தப்பான கணக்கு எழுதுவதைவிட எழுத முடியாது என்று மறுப்பது எவ்வளவோ மேல். விண்டோஸ் காட்டிய அந்தப் பெட்டி ஒரு வகையில் உங்கள் வீடியோவைக் காப்பாற்றியிருக்கிறது.

## சங்கிலிக்கு வலு உண்டு, கட்டத்துக்குத்தான் இல்லை

இதை ஒரு நண்பருக்கு விளக்கியபோது நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "சரி, அளவை எழுத முடியவில்லை. எழுதாமலே விட்டால் என்ன? வீடியோ எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?"

இதற்குப் பதில் சொல்ல, FAT32 கோப்பை எப்படி வைக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அது பென் டிரைவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கிளஸ்டர் என்று பெயர். 32 ஜிபி பென் டிரைவை விண்டோஸ் ஃபார்மேட் செய்தால் வழக்கமாக ஒரு கிளஸ்டர் 16 கேபி இருக்கும். கோப்பின் பதிவில் முதல் கிளஸ்டரின் எண் மட்டும் இருக்கும். அடுத்த கிளஸ்டர் எது என்பதைப் பென் டிரைவின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய அட்டவணை சொல்லும். அந்த அட்டவணையின் பெயர்தான் FAT. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது, அதைப் பிடித்தால் அதற்கடுத்தது என்று, முடிவுக்குறி வரும் வரை சங்கிலியாகப் போகலாம்.

இந்தச் சங்கிலிக்கு 4 ஜிபி என்ற எல்லையே கிடையாது. நம் வீடியோவுக்கு 16 கேபி வீதம் 327680 கிளஸ்டர் தேவை. அந்தப் பென் டிரைவில் கிட்டத்தட்ட 19 லட்சம் கிளஸ்டர் இருக்கின்றன. அட்டவணை தாராளமாகத் தாங்கும். ஆகவே வீடியோவின் உள்ளடக்கத்தை வைக்கவும் முடியும், தேடிப் பிடிக்கவும் முடியும். தடையாக நிற்பது அந்த நான்கு பைட் கட்டம் மட்டும்தான்.

ஆனால் அந்தக் கட்டம் சும்மா இல்லை. 20000 பைட் கோப்பு ஒன்று இருக்கிறது. ஒரு கிளஸ்டரில் 16384 பைட்தான் பிடிக்கும் என்பதால் அதற்கு இரண்டு கிளஸ்டர் போகும். இரண்டாவது கிளஸ்டரில் முதல் 3616 பைட் மட்டுமே கோப்புக்குச் சொந்தம். மீதியில் முன்பு எப்போதோ அழித்த கோப்பின் மிச்சம் கிடக்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சங்கிலியால் சொல்ல முடியாது, அது முழுக் கிளஸ்டர்களை மட்டுமே எண்ணும். அளவைப் பார்த்துத்தான் சரியான பைட்டில் நிறுத்த முடியும். அதனால்தான் அளவை எழுதாமல் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஃபோல்டருக்கும் இதே 32 பைட் பதிவுதான், ஆனால் அதன் அளவுக் கட்டத்தில் FAT32 சுழியைத்தான் எழுதுகிறது. ஃபோல்டர் எங்கே முடிகிறது என்பதைச் சங்கிலியைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. ஆகவே ஒரு ஃபோல்டருக்குள் இருப்பவை எல்லாம் சேர்ந்து 20 ஜிபி ஆனாலும் தடையே இல்லை. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக 4 ஜிபிக்குள் இருந்தால் போதும். ஆயிரம் படங்கள் உள்ள பெரிய ஃபோல்டர் அப்படியே ஏறி, அதைவிடச் சிறிய ஒற்றை வீடியோ ஏறாமல் நிற்பது இதனால்தான்.

## நான்கு பைட்டோடு ஏன் நின்றார்கள்?

கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு நான்கு பைட் என்ற ஒதுக்கீடு எம்எஸ்-டாஸ் காலத்துப் படிவத்திலிருந்து வந்தது. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பியில் 160 கேபிதான் பிடிக்கும். 4 ஜிபி என்றால் அப்படிப்பட்ட ஃபிளாப்பி 26 ஆயிரத்துக்கும் மேல். அந்தக் கண்ணோடு பார்த்தால் நான்கு பைட் என்பது கொஞ்சம் ஊதாரித்தனம்கூட.

1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு FAT32 வந்தது. அப்போது தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் வேறு. அதற்கு முந்தைய FAT16-ல் ஒரு முழு டிரைவே 2 ஜிபியைத் தாண்ட முடியாமல் இருந்தது, ஹார்டு டிஸ்குகளோ அதைத் தாண்டிக்கொண்டிருந்தன. எனவே கிளஸ்டர் எண்ணைப் பெரிதாக்கினார்கள். அதற்காகப் படிவத்தில் காலியாக இருந்த இரண்டு பைட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அளவுக் கட்டத்தை அப்படியே விட்டார்கள். முழு டிஸ்கே சில ஜிபி இருந்த காலத்தில், ஒற்றைக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்ற கவலை யாருக்கும் இருந்திருக்காது.

இப்போது ஒரு பைட் கூட்டிவிட்டால் என்ன என்றால், அங்கேதான் சிக்கல். அளவுக் கட்டம் பதிவின் கடைசியில் இருக்கிறது. அதை அடுத்த பைட்டில் அடுத்த கோப்பின் பதிவு தொடங்குகிறது. டிவி, கேமரா, பிரிண்டர், காரின் பாட்டுப்பெட்டி என்று FAT32 படிக்கும் எல்லாக் கருவிகளும் 32 பைட்டுக்கு ஒரு பதிவு என்று எண்ணித்தான் படிக்கின்றன. படிவத்தை மாற்றினால் அவை எல்லாவற்றுக்கும் பட்டியல் குழம்பிவிடும். படிவத்தை மாற்றுவது என்றால் புது முறை என்றுதான் அர்த்தம். அந்தப் புது முறையாக 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்ததுதான் exFAT. அதில் அளவுக்கு 8 பைட் கட்டம். இனி வீடியோ எவ்வளவு பெருத்தாலும் நாம் இருக்கும் வரை அது நிரம்பாது.

## எல்லா இடத்திலும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள்

விண்டோஸில் காப்பி செய்தால் தொடக்கத்திலேயே தடுத்துவிடும், நல்லது. மேக்கிலும் கோப்பு பெரிது என்று சொல்லி நிறுத்திவிடும். ஆனால் லினக்ஸில் `cp` கட்டளை கொடுத்தால் அது முதலில் எதுவும் கேட்காது. எழுதிக்கொண்டே போய், கட்டம் நிரம்பும் இடத்தில் `File too large` என்று சொல்லி நின்றுவிடும். அதுவரை எழுதியது பென் டிரைவிலேயே கிடக்கும், அதே பெயரில்.

நான் அடி வாங்கியது இதில்தான். பல கோப்புகளை வரிசையாகக் காப்பி செய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். திரையில் ஓடிய வரிகளுக்கு நடுவே அந்தப் பிழைச் செய்தி வந்ததை நான் பார்க்கவில்லை. பென் டிரைவில் எல்லாப் பெயர்களும் இருந்தன, திருப்தியாக மூலத்தை அழித்துவிட்டேன். மறுநாள் ஒரு வீடியோ மட்டும் திறக்கவே இல்லை. முக்கால்வாசிக்கு மேல் உள்ளடக்கம் இருந்தும் ஒரு நொடிகூட ஓடவில்லை. எம்பி4 கோப்புகளில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பல நேரம் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படும். வெட்டுப்பட்டது அந்தக் கடைசிதான்.

இப்படி வெட்டுப்பட்ட கோப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி, அளவைப் பைட்டில் பார்ப்பது. `ls -l` கொடுத்தால் 4294967295 என்று இருக்கிறதா? தற்செயலாக ஒரு கோப்பு அந்த அளவில் அமைவது நடக்காத காரியம். அந்த எண்ணைப் பார்த்தால் கோப்பு கட்டத்தின் விளிம்பில் முட்டி நின்றது என்று உறுதியாக நம்பலாம். பென் டிரைவுக்கே நேரடியாக டவுன்லோடு செய்யும்போதும் இது நடக்கும். சில மென்பொருள்கள் எழுதப்போகும் இடத்தின் கணக்குமுறையைச் சோதிப்பதில்லை, மணிக்கணக்கில் இறக்கிவிட்டு 4 ஜிபி வாசலில் தோற்றுப்போகும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மேக்கில் 4.2 ஜிபி என்று காட்டும் கோப்பு FAT32-ல் ஏறிவிடும், விண்டோஸில் 4.2 ஜிபி என்று காட்டும் கோப்பு ஏறாது. மேக் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறது. அதன்படி 4.2 ஜிபி என்பது 420 கோடி பைட், எல்லையான 429 கோடிக்கு உள்ளேதான். சந்தேகம் வந்தால் ஜிபியை விட்டுவிட்டுப் பைட் எண்ணையே பாருங்கள்.

## இப்போது அந்த வீடியோவை என்ன செய்வது?

முதலில் பென் டிரைவ் எந்த முறையில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸில் அதன் மீது வலது சொடுக்கி `Properties` திறந்தால் `File system: FAT32` என்று எழுதியிருக்கும். லினக்ஸில் `lsblk -f` கொடுத்தால் `vfat` என்று வரும்.

பென் டிரைவைக் கணினிகளுக்கு இடையே மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் exFAT-ஆக ஃபார்மேட் செய்வதே என் தேர்வு. விண்டோஸ், மேக், இன்றைய லினக்ஸ் மூன்றும் அதில் படிக்கும், எழுதும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதால் முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்து வைத்துவிடுங்கள். ஃபார்மேட் பெட்டியில் `Allocation unit size` என்று கேட்பதை இருப்பது போலவே விட்டுவிடலாம். விண்டோஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான NTFS-ஆக மாற்றினாலும் பெரிய கோப்பு ஏறும். உள்ளே இருப்பதை அழிக்காமலே மாற்ற விண்டோஸில் `convert E: /fs:ntfs` என்ற கட்டளை இருக்கிறது (`E:` இருக்கும் இடத்தில் உங்கள் டிரைவின் எழுத்து). ஆனால் மேக் தானாக NTFS-ல் படிக்க மட்டுமே செய்யும், எழுதாது. FAT32-ஐ exFAT-ஆக அழிக்காமல் மாற்றுவதற்கு இப்படிக் கட்டளை எதுவும் விண்டோஸில் கிடையாது.

பழைய டிவியிலோ காரிலோ செருக வேண்டும், அவை FAT32 மட்டும்தான் படிக்கும் என்றால் மாற்றுவதில் பயனில்லை. அங்கே கோப்பைத்தான் சிறிதாக்க வேண்டும். வீடியோவை ஜிப் செய்து பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம். வீடியோ ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டது, ஜிப் செய்தால் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே அதிகம். வீடியோ வெட்டும் மென்பொருளில் இரண்டு பகுதியாகப் பிரிப்பதே சரி. வெறுமனே எடுத்துச் செல்லத்தான் வேண்டும், அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாம் என்றால் 7-Zip-ல் துண்டுகளாகப் பிரிக்கலாம். அதில் `Split to volumes` என்ற இடத்தில் `4000M` என்று கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் எல்லைக்குள் நிற்கும். ஆனால் அந்தத் துண்டுகளைத் திரும்ப ஒட்டும் வரை எதுவும் ஓடாது, டிவிக்கு அவை பயன்படாது.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு பைட் வித்தியாசத்தை நம்ப முடியவில்லை என்றால் நீங்களே சோதிக்கலாம். 16 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள காலியான FAT32 பென் டிரைவ் ஒன்று போதும். C டிரைவில் `temp` என்று ஒரு ஃபோல்டர் திறந்துகொண்டு, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டை `Run as administrator` கொடுத்துத் திறந்து இந்த இரண்டு வரியைக் கொடுங்கள்:

```
fsutil file createnew C:\temp\a.bin 4294967295
fsutil file createnew C:\temp\b.bin 4294967296
```

உள்ளே ஒன்றும் இல்லாத இரண்டு கோப்புகள் உருவாகும், ஒன்று மற்றதைவிட ஒரு பைட் பெரியது. இப்போது ஒவ்வொன்றாகப் பென் டிரைவில் போடுங்கள். `a.bin` ஏறும், கொஞ்சம் நேரமெடுக்கும். `b.bin` அந்தப் பழைய பெட்டியைத் திறக்கும். பார்த்து முடித்ததும் C டிரைவில் இருக்கும் இரண்டையும் அழித்துவிடுங்கள், 8 ஜிபியைச் சும்மா அடைத்துக்கொண்டு கிடக்கும்.